டேட்டத்தின் வரிசை மாறினால் துளையின் இடமும் மாறும்: சி.எம்.எம். அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்து லேத் பட்டறையில் கடைந்த ஒரு ஹவுசிங், நாகர்கோவிலில் சி.எம்.எம். எனும், புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரம் உள்ள ஓர் அறையில் அளக்கப்பட்டு, துளைகளின் இடம் தவறு என்ற ரிப்போர்ட்டுடன் திரும்பி வருகிறது. பட்டறைக்காரரோ, அதே துளைகளில் போல்ட் போட்டுப் பார்த்தபோது எதிர்ப்பாகம் தடையின்றி உட்கார்ந்ததாகச் சொல்கிறார். இத்தகைய பிணக்குகளில் பெரும்பாலும் பொருளும் குற்றவாளி அல்ல, இயந்திரமும் குற்றவாளி அல்ல. அளவுகளுக்கு ஆதாரமாகக் கொள்ளும் முகம், துளை போன்றவையே டேட்டம். ட்ராயிங்கில் எழுதப்பட்ட டேட்டம் ஒன்றாகவும், புரோகிராமில் அமைந்த டேட்டம் வேறொன்றாகவும் இருப்பதே காரணம்.

எடுத்துக்காட்டாக ஒரு வார்ப்பிரும்பு ஹவுசிங்கை எடுத்துக்கொள்வோம். 160 மி.மீ. விட்டமுள்ள ஃபிளேஞ்சின் முகம் A. அதன் நடுவே 52 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. ஆழமும் கொண்ட, போர் எனப்படும் கடைந்த துளை B. ஃபிளேஞ்சின் ஓரத்தில் உள்ள காடி C. நான்கு போல்ட் துளைகளின் இடம் எவ்வளவு விலகலாம் என்ற வரம்பான பொசிஷன் டாலரன்ஸ் A, B, C என்ற வரிசையில் 0.2 மி.மீ. விட்டத்துக்குள் இருக்க வேண்டும். எதிர்ப்பாகத்தின் முகம் முதலில் A-யின் மேல் தட்டையாக உட்காரும், பிறகு அதன் முளை போருக்குள் மையம் பிடிக்கும், கடைசியில் காடி அது சுழலாமல் தடுக்கும் என்பதே இந்த வரிசையின் பொருள். வெளியில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத ஒரு பொருளுக்கு ஆறு அசைவுகள் உண்டு. A அவற்றில் மூன்றை நிறுத்துகிறது, B இரண்டை, C எஞ்சிய ஒரு சுழற்சியை. ஒரு டேட்டம் ஏற்கெனவே நிறுத்திய அசைவை அடுத்து வருகிற டேட்டம் மறுபடியும் தீர்மானிக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மீறுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, போரை அளந்து கிடைத்த அச்சை அப்படியே திசையாக எடுத்துக்கொள்வது. சிலிண்டரை அளப்பது எளிது, மென்பொருளும் உடனே ஓர் அச்சைத் தந்துவிடும் என்பதால் பலரும் அதைக் கொண்டே பொருளை நிமிர்த்துகிறார்கள். நம் ஹவுசிங்கில் போர், முகத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் 40 மி.மீ. ஆழத்தில் 0.06 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ராயிங்கின் செங்குத்து டாலரன்ஸ் 0.08 என்பதால் இது ஏற்கத்தக்க சாய்வுதான். அந்த அச்சை முதன்மையாக வைத்தால், 160 மி.மீ. அகலமுள்ள ஃபிளேஞ்ச் முகம் 0.24 மி.மீ. சாய்ந்ததாகத் தெரியும். குட்டையான போரின் சிறு சாய்வு, அகலமான முகத்தில் நான்கு மடங்காக விரிந்துவிடுகிறது.

இதைக் காட்டிலும் நுட்பமான தவறு ஒன்று உண்டு. A-யைக் கொண்டு சரியாகவே நிமிர்த்தியபின், போரின் சாய்ந்த அச்சு A முகத்தைத் துளைக்கும் புள்ளியை மையமாக வைப்பது அது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் வரிசை சரியாகத்தான் இருக்கும். ஆயினும் மையம் தவறான ஆழத்தில் அமர்ந்திருக்கும். A-க்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு முளை, சாய்ந்த போருக்குள் நுழைந்தால், அது போரின் நடு ஆழத்தில் உள்ள மையத்துக்கு நேராகவே நிற்கும். முகத்தில் எடுத்த மையம் அதிலிருந்து சாய்வின் பாதி, அதாவது 0.03 மி.மீ., விலகியிருக்கும்.

அந்த 0.03 எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை ஒரு துளையில் கணக்கிடலாம். சரியான மையத்திலிருந்து பார்க்கையில் அத்துளை ஒரு திசையில் 0.08, குறுக்குத் திசையில் 0.03 மி.மீ. விலகியிருக்கிறது. பொசிஷன் என்பது விலகலின் இரு மடங்கு:

```
2 × √(0.08² + 0.03²) = 0.171
2 × √(0.11² + 0.03²) = 0.228
```

முதல் வரியில் துளை தேறுகிறது. மையம் முகத்துக்கு நகர்ந்த இரண்டாம் வரியில், அதே துளை கழிவாகிறது. சாய்வு எதிர்த்திசையில் இருந்திருந்தால் 0.08 என்பது 0.05 ஆகக் குறைந்து 0.117 என்று வந்திருக்கும். அப்படியானால் உண்மையில் கெட்ட பொருளும் நல்லதென்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம். இதைத் தவிர்க்க, B-யை A-க்குச் செங்குத்தான திசை கட்டாயமாக்கப்பட்ட, போருக்குள் அடங்கும் மிகப் பெரிய சிலிண்டராகக் கணக்கிட வேண்டும். மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால், முகத்திலிருந்து 5 மி.மீ. மற்றும் 35 மி.மீ. ஆழங்களில் வட்டம் எடுத்து, இரு மையங்களின் நடுப்புள்ளியை வைக்கலாம். போர் நேராகச் சாய்ந்திருக்கும் வரை இது போதும். வாய் அகன்ற போராக இருந்தால் போதாது.

A முகத்தை மூன்று புள்ளிகளால் முடித்துவிடுவது அடுத்த வழக்கம். தளத்துக்கு மூன்று புள்ளி போதும் என்பது கணிதப்படி சரிதான். ஆனால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் பிழையின்றிப் பொருந்திவிடும், அதனால் தட்டைத்தன்மை பூஜ்யம் என்றே திரை காட்டும். ஒரு புள்ளியின் கீழ் 0.02 மி.மீ. பிசிறு ஒட்டியிருந்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. எட்டுப் பத்துப் புள்ளிகளை முகத்தின் வெளி ஓரத்தை ஒட்டிப் பரப்பி எடுத்தால், பிசிறு உடனே தட்டைத்தன்மை மதிப்பில் தலைகாட்டும். போரை ஒட்டியே புள்ளிகளை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நெருக்கமாக எடுத்தால், 60 மி.மீ. இடைவெளியில் ஏற்பட்ட 0.02 பிழை, 40 மி.மீ. ஆழத்தில் 0.013 ஆகத் தங்கும், 150 மி.மீ. இடைவெளியில் அது 0.005 ஆகச் சுருங்கும். இன்னொன்று: சராசரித் தளம் முகத்தின் மேடுபள்ளங்களின் நடுவே ஓடும், எதிர்ப்பாகமோ மேடுகளின் மேல்தான் உட்காரும். முகம் முறுகியிருந்தால் இந்த இரண்டும் ஒன்றல்ல. புரோகிராமில் எந்த வகைத் தளம் தேர்வாகியிருக்கிறது என்பதைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கால் கையில் எடுத்த புள்ளிகளை இறுதி அமைப்பாக விட்டுவிடக் கூடாது. பொருள் மேசையில் எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்துக்குத் தெரிவிக்கவே அவை. அதன்பின் அதே A, B, C-யை இயந்திரம் தானாக, ஒரே வேகத்தில், திட்டமிட்ட இடங்களில் மறுபடி தொட வேண்டும்.

வெப்பம் பற்றியும் சொல்லியாக வேண்டும். அளவீட்டுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி. இங்கே வெயிலில் பைக்கில் கொண்டுவந்த பொருளை உடனே மேசையில் வைத்தால், 200 மி.மீ. நீள அலுமினியத் துண்டு 12 டிகிரி கூடுதல் சூட்டில் 0.055 மி.மீ. நீண்டிருக்கும். வார்ப்பிரும்பு இதில் பாதிக்கும் குறைவாக நீளும். பொருளை அறையிலேயே சில மணி நேரம் ஆறவிடுவதற்கு ஈடான வசதி மென்பொருளில் இல்லை. அதன் திருத்தம், உணரி தொட்ட இடத்தின் சூடு பொருள் முழுவதற்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

அமைப்பைச் சோதிக்கப் பொருளை மேசையில் 90 டிகிரி திருப்பி வைத்து, எல்லாவற்றையும் மறுபடி அளப்பது நல்ல பழக்கம். பிசிறு, தளர்ந்த கிளாம்ப், பொருளைத் தொடும் முனையான ஸ்டைலஸில் படிந்த அழுக்கு ஆகியவை எண்கள் மாறுவதிலிருந்து வெளிப்படலாம். ஆனால் தவறான ஆழத்தில் வைத்த மையம் இந்தச் சோதனையில் சிக்காது, ஏனெனில் அது ஒவ்வொரு முறையும் அதே தவறை அதே அளவில் செய்யும். அதைப் பிடிக்க, A-யில் நிமிர்த்தியபின் 5 மற்றும் 35 மி.மீ. ஆழ வட்டங்களின் மையங்களை ரிப்போர்ட்டில் தனி வரிகளாக அச்சிடச் செய்ய வேண்டும். நம் ஹவுசிங்கில் அவை 0.045 மி.மீ. விலகி நிற்கும்.