230 ரூபாய்க்கு மேல் போகாதே: உச்சவரம்புக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

இலங்கை அரசு 2024 டிசம்பரில் உள்ளூர் நாட்டரிசி கிலோவுக்கு அதிகபட்ச சில்லறை விலை 230 ரூபாய் என்று அறிவித்தது. இதைக் கணக்கில் எழுதச் சொன்னால் மாணவர்கள் பலர் P = 230 என்று எழுதிவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. எழுத வேண்டியது P ≤ 230. விலை அதற்குக் கீழே எங்கும் நிற்கலாம்.

ஒரு பயிற்சிக் கணக்கு போடுவோம். எண்கள் கற்பனை. P விலை, Qd தேவை, Qs அளிப்பு; அளவுகள் நாளொன்றுக்கு டன்னில்.

```
Qd = 1000 - 2P
Qs = 3P
```

தேவையும் அளிப்பும் சமமாகும் சமநிலை விலை 200, அளவு 600. இது 230-ஐத் தாண்டவில்லை, ஆகவே உச்சவரம்பு இருந்தும் சந்தையில் எதுவும் மாறாது. அவசரப்பட்டு P = 230 என்று போட்டால் தேவை 540, அளிப்பு 690, உபரி 150 என்று வரும். உச்சவரம்பால் உபரி உண்டாகவே முடியாது. அப்படி ஒரு விடை வந்தால், முதலில் சமநிலை விலையைக் கண்டுபிடிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, இப்போது விளைச்சல் குறைகிறது: Qs = 3P − 250. கட்டுப்பாடு இல்லாவிட்டால் விலை 250, அளவு 500. உத்தரவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் அது இப்போது சந்தையைப் பிடித்து நிறுத்துகிறது. ‘உச்சவரம்பு பயனற்றது’ என்றோ ‘தட்டுப்பாடு தரும்’ என்றோ ஒரே முறை பார்த்து முடிவு கட்டுவது அதனால்தான் தவறு. தேவை அல்லது அளிப்பு வளைகோடு நகரும்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.

230-இல் தேவை 540, அளிப்பு 440, தட்டுப்பாடு 100. பழைய 500-இலிருந்து 440-ஐக் கழித்து 60 என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. அந்த 60 விற்பனை குறைந்த அளவு மட்டுமே. விலை இறங்கியதால் கூடுதலாக 40 டன் கேட்டு வருபவர்களும் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அப்புறம், விற்பது 540 டன்னும் அல்ல. இரண்டில் சிறியதுதான் கைமாறும்: 440.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: P ≤ 230, Qd ≥ Qs இரண்டும் பொருந்த வேண்டும், கூடவே இதுவும்:

```
(230 - P) × (Qd - Qs) = 0
```

விலை வரம்புக்குக் கீழே இருந்தால் தட்டுப்பாடு பூஜ்யம். தட்டுப்பாடு இருந்தால் விலை வரம்பைத் தொட்டே நிற்கும்.

குறைந்தபட்ச விலைக்கு எல்லாம் தலைகீழ்: P ≥, சமநிலைக்கு மேலே வைத்தால்தான் வேலை செய்யும், மிஞ்சுவது உபரி. இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் நெல்லுக்கு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை தனியார் வியாபாரிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அரசு கொள்முதல் செய்யும் இடத்தில்தான் அது விலையைத் தாங்குகிறது. கொள்முதல் நிலையம் எட்டாத விவசாயி அதற்குக் கீழே விற்க நேர்கிறது. அவருடைய சந்தைக்கு P ≥ என்ற வரியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், இல்லாத ஓர் உபரிதான் விடையாக வரும்.