டிசம்பர் கணக்கில் காணாமல் போகும் 236 மணி நேரம்

நாகர்கோவிலில் ஆறு பேர் கொண்ட மென்பொருள் டீம் எங்களுடையது. 2025 டிசம்பருக்குத் திட்டம் போட்டபோது எல்லாரும் போடும் கணக்கைத்தான் முதலில் நானும் போட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை 23 நாள், ஆறு பேர், தினம் 8 மணி. அதாவது 138 ஆள்நாள், 1104 மணி. உண்மையில் எங்கள் கையில் இருந்தது 868 மணி. இந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருந்தது என்று பார்த்தால், தவறுகள் எல்லாம் கழிக்கும் வரிசையில்தான் இருந்தன.

முதலில் விடுமுறை. கிறிஸ்துமஸ் எல்லாருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழாவின் உள்ளூர் விடுமுறை, வெளியூர் நாட்காட்டியில் இருக்காது. அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அறிவிக்கப்படுவது. தனியார் நிறுவனம் விடுவதும் விடாததும் அதன் முடிவு. எங்கள் அலுவலகம் விட்டது, பதிலுக்கு 13ஆம் தேதி சனிக்கிழமை வேலை வைத்தது. ஆக 23இல் இரண்டு போய் ஒன்று சேர்ந்து 22 நாள், 132 ஆள்நாள். சனிக்கிழமையைச் சேர்க்க மறந்தால் ஆறு ஆள்நாள் குறைவாகக் காட்டும். டீமில் ஒருவர் சென்னையிலிருந்து வேலை செய்தால் அவருக்கு 3ஆம் தேதி வேலைநாள், 13ஆம் தேதி ஓய்வு. மாத மொத்தம் மாறாது. ஆனால் 3ஆம் தேதி வரும் அவசர வேலையை அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து லீவு. எங்கள் டெஸ்டர் 22 முதல் 26 வரை லீவு கேட்டிருந்தார். ஐந்து நாள் என்று எழுதினால் கிறிஸ்துமஸை இரண்டு முறை கழித்ததாகிவிடும். கழிக்க வேண்டியது நான்குதான். இன்னொருவர் 29 முதல் 31 வரை மூன்று நாள், மற்றொருவர் 1, 2 தேதிகளில் இரண்டு நாள். மொத்தம் 9. அப்புறம் 18, 19 தேதிகளில் புதியவர்கள் இருவருக்கு வெளியிலிருந்து வந்தவர் நடத்திய ட்ரெயினிங், 4 ஆள்நாள். நம் ஆளே பாடம் நடத்தினால் அவருடைய இரண்டு நாளும் போகும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மிச்சம் 119 ஆள்நாள், 952 மணி.

இனி மீட்டிங். பெரிய ஓட்டை இங்கேதான். திங்கள்தோறும் இரண்டு மணி நேரத் திட்டமிடல் மீட்டிங் எங்களுக்கு உண்டு. "வாரம் இரண்டு மணி, நாலு வாரத்துக்கு எட்டு மணி" என்று கழிப்பது வழக்கம். ஆறு பேர் உட்கார்ந்தால் ஒரே மீட்டிங்கில் 12 மணி போகிறது. அந்த டிசம்பரில் திங்களும் நாலு இல்லை, ஐந்து: 1, 8, 15, 22, 29. அதற்காக 60 மணியைக் கழிப்பதும் தப்புதான். 1, 22, 29 மூன்றிலும் ஒவ்வொருவர் லீவு. லீவில் இருப்பவருக்கு எட்டு மணியும் ஏற்கெனவே கழித்தாயிற்று, அவருடைய மீட்டிங் நேரத்தையும் திரும்பக் கழிக்கக் கூடாது. அதனால் 30 இருக்கைகளில் 27 மட்டும், 54 மணி. தினசரி கால்மணி நேர நின்றபடிப் பேச்சுக்கும் இதே முறை: 119 ஆள்நாளுக்குக் கால்மணி வீதம் ஏறக்குறைய 30 மணி. இரண்டும் சேர்ந்து 84. 952இல் கழித்தால் 868.

இதனால்தான் முதலில் நாட்களைக் கழித்து, ஆள் இருக்கும் நாட்கள் தெரிந்த பிறகே மீட்டிங் மணிகளைத் தொட வேண்டும் என்கிறேன். போன மாத விகிதத்தை அப்படியே தூக்கி அடுத்த மாதத்துக்குப் போடுவதையும் விட்டுவிடுங்கள். 2026 ஜனவரியில் பொங்கல் விடுமுறை 15, 16, 17. அதில் 17 சனிக்கிழமை. ஐந்து நாள் வேலை செய்யும் டீம் அதைக் கழித்தால் இல்லாத நாளைக் கழித்ததாகும்.

கடைசியாக ஒன்று. 868 என்பது ஆறு பேரின் மொத்தம். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடிந்தால் மட்டும்தான் அந்த எண் அப்படியே பயன்படும். எங்களுக்கு டெஸ்டர் ஒருவர்தான். 24ஆம் தேதி வெளியீடு என்றால், 19ஆம் தேதி வரை அவருக்கு இருப்பது 15 நாள். 120 மணியில் மூன்று திங்கள் மீட்டிங்குக்கு 6 மணியும், தினசரிப் பேச்சுக்கு நாலு மணியும் போக 110 மணி. மற்ற ஐந்து பேரிடம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சோதனைக்கு அந்த 110தான். நாங்கள் வெளியீட்டை 19க்கு முன்னால் இழுக்காமல், சோதனை தேவைப்படும் இரண்டு அம்சங்களை ஜனவரிக்குத் தள்ளினோம்.