சண்டைக்குப் பிறகு ‘அக்கா’ என்று கூப்பிடும்போது செய்யும் தவறுகள்

மூத்த தோழியிடம் சமாதானம் பேசப் போகும்போது மன்னிப்பு வார்த்தைகளைத்தான் யோசித்து யோசித்து எழுதுகிறோம், ஆனால் அவர் முதலில் கவனிப்பது தன்னை எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதை.

சென்னையில் என்னோடு வாடகை வீட்டில் இருந்த அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். ‘வாக்கா’, ‘நீ சாப்பிட்டியாக்கா’ என்றுதான் பேசுவேன். அட்வான்ஸ் பணத்தைப் பிரிக்கும்போது வாக்குவாதமாகி, காசை அமுக்கப் பார்க்கிறார் என்று நான் வாய்விட்டுவிட்டேன். இரண்டு மாதம் பேச்சில்லை. அப்புறம் நானே வாட்ஸப்பில் ‘அக்கா, நல்லா இருக்கீங்களா? நீங்க என்னை மன்னிக்கணும்’ என்று அனுப்பினேன். ‘நல்லா இருக்கேங்க’ என்று ஒரே வரி வந்தது. வாடி போடி என்று பேசியவர் எனக்கு ‘ங்க’ போட்டிருந்தார்.

தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. ‘அக்கா’வை விடாமல் வைத்திருந்தேன், ‘நீ’யை ‘நீங்க’ ஆக்கிவிட்டேன். முறைப்பெயர் தனியாக வேலை செய்யாது, வினைமுடிவோடு சேர்ந்துதான் உறவைச் சொல்லும். மரியாதை என்று நான் கூட்டியது அவருக்கு விலகலாகப் பட்டிருக்கிறது. இதற்கு நேர்மாறும் உண்டு: எப்போதும் ‘சொல்லுங்கண்ணா’ என்று பேசியவரிடம் திடீரென்று ‘நீ’ போட்டால் அது நெருக்கமாகத் தெரியாது, இன்னும் கோபம் தீரவில்லை போல என்றுதான் நினைப்பார். சண்டைக்கு முந்தின நாள் எப்படிக் கூப்பிட்டோமோ அதே முறை, அதே வினை.

வேலையிடத்தில் பத்து வயது மூத்தவரைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இப்போது சாதாரணம். அவரிடம் மன்னிப்புக்காக மட்டும் ‘அண்ணா’ போடாதீர்கள், சமமாக இருந்த நட்பைத் தள்ளி வைப்பது மாதிரி ஆகிவிடும். அதேபோல, அண்ணா என்றே கூப்பிட்டவரைப் பொது நண்பர்களிடம் வெறும் பேரால் குறிப்பிட்டால் அது எப்படியும் அவர் காதுக்குப் போய்விடும்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இன்னொன்று: ‘அக்கான்னா பொறுத்துக்க மாட்டியா?’ என்று கேட்பது. பாசத்தில் கேட்கிற மாதிரி இருக்கும், ஆனால் தப்பு செய்தது நாம், பொறுத்துப்போக வேண்டிய கடமை அவருடையது என்று முறையைச் சொல்லியே பாரத்தை மாற்றி விடுகிறோம். எதுவும் கூப்பிடாமல் ‘ஹலோ, ஒரு விஷயம்’ என்று ஆரம்பிப்பதும் அவரை அந்நியராக்கும்.

ஒரு வாரம் கழித்துக் குரல்பதிவு அனுப்பினேன்: ‘அக்கா, உன்னைக் காசை அமுக்குறவள்னு சொன்னது என் தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.’ ஒரே ஒரு ‘அக்கா’தான், வரிக்கு வரி போட்டுக் கெஞ்சவில்லை. ராத்திரி பதில் வந்தது: ‘லூசு, இதைச் சொல்ல உனக்கு ரெண்டு மாசமாடி?’ அந்த ‘டி’யைக் கேட்ட பிறகுதான் அட்வான்ஸ் கணக்கை மறுபடி எடுத்தேன்.