55 அங்குல டிவிக்குச் சுவர் பிராக்கெட்: வெசா துளைகளை அளந்து பொருத்தும் முறை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பிராக்கெட் வாங்கப் போனால், பெட்டியில் "32 முதல் 55 அங்குலம்" என்று அச்சிட்டிருக்கும். அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது திரையின் அளவல்ல, டிவியின் பின்புறம் உள்ள நான்கு துளைகளின் இடைவெளி. இதற்கான தரம்தான் வெசா.

எல்ஜி சி2 ஓஎல்இடி 55 அங்குல டிவியை எடுத்துக்கொள்வோம். அதன் வெசா அளவு 300×200. முதல் எண் இடமிருந்து வலம், இரண்டாவது மேலிருந்து கீழ், இரண்டும் மில்லிமீட்டரில். உங்கள் டிவியை அளக்கும்போது ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை டேப்பைப் பிடியுங்கள். மையத்தைக் குத்துமதிப்பாகத் தேடுவதைவிட இது சரியாக வரும்.

இப்போது பிராக்கெட். நடுவில் ஒரே சதுரத் தகடும் அதில் 100×100, 200×200 துளைகளும் மட்டும் இருந்தால் இந்த டிவிக்கு உதவாது. இரண்டு செங்குத்துக் கைகள் பக்கவாட்டில் நகரும் வகையை வாங்குங்கள். அதன் பட்டியலில் 300×200 இருக்கிறதா என்று பாருங்கள். "400×400 வரை" என்பது மட்டும் போதாது. டிவியின் எடை சுமார் 14 கிலோ, அதையும் பிராக்கெட் தாங்க வேண்டும்.

அதிகம் பிழைப்பது ஸ்குரூவில்தான். இந்த டிவிக்கு எம்6. சில டிவிகளுக்கு எம்8 வேண்டும். அந்தத் துளையில் எம்6 போட்டால் மரை பிடிக்காமல் ஆடும், கழன்றும் வரலாம். நீளத்துக்கு, ஓர் ஈர்க்கைத் துளைக்குள் மெதுவாக விட்டு, தட்டுப்படும் இடத்தில் அடையாளம் வையுங்கள். உதாரணமாக, 12 மில்லிமீட்டர் ஆழம், பிராக்கெட் தகடும் வாஷரும் சேர்ந்து 3 என்றால், ஸ்குரூ 15 மில்லிமீட்டரை எட்டக் கூடாது. 12 மில்லிமீட்டர் ஸ்குரூ போதும், 9 உள்ளே போகும். வழக்கமான எம்6 மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் இறங்கும், ஆகவே கையாலேயே சுற்றி எண்ணிப் பார்க்கலாம். ஸ்குரூ நின்ற பிறகும் தகடு ஆடினால் அது நீளம் கூடியது. அங்கே பலமாக முறுக்காதீர்கள், உள்ளே உள்ள பாகங்கள் உடைந்துவிடும். குட்டையான ஸ்குரூ மாற்றுங்கள், அல்லது ஸ்பேசர் வையுங்கள்.

சுவரில் துளை போடுமுன் இன்னொன்று. இந்த டிவியின் துளைகள் நடுவில் இல்லை, கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கின்றன. அதனால் பிராக்கெட்டை நடு உயரம் என்று வைத்தால் டிவி மேலே ஏறி நிற்கும். கைகளை டிவியில் பூட்டி, அவற்றின் கொக்கியிலிருந்து டிவியின் கீழ் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அது 40 சென்டிமீட்டர், கீழ் விளிம்பு தரையிலிருந்து 90இல் வர வேண்டும் என்றால், கொக்கி மாட்டும் விளிம்பு 130இல் வரும்படி சுவர்த் தகட்டை வைத்து, துளைகளைப் பென்சிலால் குறியுங்கள்.