மாதாமாதம் நிலையான வருமானம் தரும் திட்டம்: பணம் போடுமுன் சரிபார்ப்பது எப்படி?

"ஒரு லட்சம் போடுங்கள், மாதம் ஐந்தாயிரம் தவறாமல் வரும்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொல்பவர் தெரிந்தவர். ஏழு மாதமாகத் தனக்குப் பணம் வருவதை வங்கிக் கணக்கைத் திறந்தே காட்டுகிறார். பெரும்பாலானோர் நம்பிவிடுவது இந்த இடத்தில்தான். ஆனால் அந்த ஏழு வரவுகளும் எதையும் நிரூபிப்பதில்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், முதலில் பதிவு.

படி 1: எதற்காகப் பதிவு செய்திருக்கிறார்கள்?

ஒப்பந்தத்தில் உள்ள முழுச் சட்டப்பூர்வப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். விளம்பரப் பெயர் வேறாக இருக்கலாம். கேட்டால் நிறுவனப் பதிவுச் சான்றிதழையும் வரிப் பதிவு எண்ணையும் காட்டுவார்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே அவை சான்று. பொதுமக்களிடம் முதலீடு திரட்டும் அனுமதி தனி. அதைத் தருவது நிதி ஒழுங்குமுறை அமைப்பு. இந்தியாவில் திட்டத்தின் வகையைப் பொறுத்து அது செபியாகவோ ரிசர்வ் வங்கியாகவோ இருக்கும். சிங்கப்பூரில் நாணய ஆணையம், மலேசியாவில் பங்குகள் ஆணையம்.

அந்த அமைப்பின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, பதிவு பெற்றோர் பட்டியலில் தேடுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பு வழியாகப் போக வேண்டாம். பெயர் கிடைத்தால் மூன்றைப் பாருங்கள்: அனுமதி இன்னும் செல்லுபடியாகிறதா, எந்த வேலைக்கான அனுமதி, தொடர்பு எண் எது. பட்டியலில் உள்ள எண்ணுக்கே அழைத்து, இந்தத் திட்டம் உங்களுடையதுதானா என்று கேளுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எடுத்துப் போட்டு ஏமாற்றுவது வழக்கமான தந்திரம். எச்சரிக்கைப் பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்பது நற்சான்று ஆகாது. புதிதாகத் தொடங்கியவர்கள் அதில் ஏறியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரோ, வாடிக்கையாளரின் முதலீடுகளை நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ மேலாளரோ உறுதியான லாபம் தருவதாக வாக்களிக்கக் கூடாது. ஆக, அந்தப் பதிவைக் காட்டிக்கொண்டே மாதம் ஐந்து சதவீதம் நிச்சயம் என்றால், அந்த வாக்குறுதியே விதிமீறல்.

படி 2: கணக்கு

மாதம் 5 சதவீதம் என்பது ஆண்டுக்கு 60 சதவீதம். அப்புறம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: ஆண்டுக்கு 60 சதவீதத்துக்கு மேல் லாபம் நிச்சயம் என்றால், அதைவிட மிகக் குறைந்த வட்டிக்கு வங்கியில் கடன் வாங்கியே அந்தத் தொழிலை நடத்தலாமே, எதற்கு ஆள் ஆளாகத் தேடி இவ்வளவு கொடுக்க வேண்டும்? இதற்கு நேரான பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

இப்போது நண்பரின் ஏழு மாதத்துக்கு வருவோம். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் ஒரு கோடி. சேர்த்துவிட்ட முகவர்களுக்கு 10 சதவீதக் கமிஷன் போக 90 லட்சம் மிஞ்சும். மாதம் கொடுக்க வேண்டியது 5 லட்சம். அதாவது எந்தத் தொழிலும் செய்யாமல், புதிதாக ஒருவரைக்கூடச் சேர்க்காமல், 18 மாதம் தவறாமல் கொடுக்கலாம். கொடுப்பது அவரவர் போட்ட பணமேதான். உங்கள் அசல் கைக்குத் திரும்பவே 20 மாதம் ஆகும். புது ஆட்கள் சேரச் சேர நிலைகுலையும் நாள் இன்னும் தள்ளிப்போகும். "சின்னத் தொகை போட்டு எடுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது" என்ற சோதனையும் இதே காரணத்தால் பயனற்றது.

படி 3: பணம் யார் கையில் இருக்கிறது?

பதிவும் இருந்து, சதவீதமும் நம்பும்படி இருந்தால்? அமெரிக்க முதலீட்டு மேலாளர் பெர்னார்ட் மேடாஃப் செய்த மோசடி அப்படித்தான். பதிவு பெற்ற நிறுவனம், ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் என்று சீரான லாபம். 2008 டிசம்பரில் கைதானபோதுதான், வாடிக்கையாளர் அறிக்கைகளில் இருந்த பங்கு வர்த்தகங்கள் நடக்கவே இல்லை என்று தெரிந்தது. முதலீட்டை நிர்வகித்தது, சொத்தை வைத்திருந்தது, அறிக்கை அச்சிட்டது எல்லாமே அவருடைய நிறுவனம்.

அதனால், சொத்துகளைத் தொடர்பில்லாத வேறொரு காப்பு நிறுவனம் வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நிறுவனத்திடமே நேரடியாக உங்கள் இருப்பைப் பார்க்க முடிய வேண்டும். திட்டத்தின் சொந்தச் செயலியில் தெரியும் தொகை வெறும் எண். பணத்தைத் தனிநபர் கணக்குக்கோ வேறு பெயரிலுள்ள நிறுவனத்துக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? சரி, மேலும் போடாதீர்கள், யாரையும் சேர்த்துவிடாதீர்கள். அசலை முழுவதுமாகத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். "இன்னும் மூன்று மாதம் இருந்தால் போனஸ்" என்றோ, "எடுப்பதற்கு முன் வரி கட்டுங்கள்" என்றோ பதில் வந்தால் எதையும் கட்டாமல், ஒப்பந்தம், ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காவல்துறையிடமும் ஒழுங்குமுறை அமைப்பிடமும் புகார் கொடுங்கள். இந்தியாவில் இதற்கென ரிசர்வ் வங்கியின் sachet.rbi.org.in தளம் இருக்கிறது.