கால்பந்து முடிவைக் கணிக்கும் மாடல்: 380 ஆட்டங்களை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்?

இங்கிலீஷ் பிரீமியர் லீகில் 20 அணிகள், ஒரு சீசனுக்கு 380 ஆட்டங்கள். எளிய மாடலுக்கு ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாக்குதல் எண், ஒரு தற்காப்பு எண், அப்புறம் சொந்த மைதான அனுகூலத்துக்குப் பொதுவாக ஓர் எண் போதும். இவற்றைப் பெருக்கினால் ஒவ்வோர் அணியும் அடிக்கக்கூடிய சராசரி கோல்கள் வரும். அதை பாய்சான் பரவலில் போட்டால் வெற்றி, டிரா, தோல்விக்கான நிகழ்தகவுகள் கிடைத்துவிடும்.

இதோடு நிறுத்த மனம் வராது என்பதுதான் சிக்கல். சொந்த மைதானத்துக்கும் வெளி மைதானத்துக்கும் தனித்தனி எண்கள் வைத்தால் 41 எண்கள் 80 ஆகிவிடும். ஓர் அணி சொந்த மைதானத்தில் ஆடுவதோ 19 ஆட்டங்கள்தான். அதில் தற்செயலாக விழுந்த கோல்களையும் மாடல் அணியின் குணம் என்று எடுத்துக்கொள்ளும். பழைய ஆட்டங்களில் பிழை குறையும், புதிய ஆட்டங்களில் கூடும். ஓவர்ஃபிட்டிங்கைக் கண்டுபிடிக்க இந்த இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்.

சீசன் தொடக்கத்தில் இது இன்னும் மோசம். ஓர் அணி 5 ஆட்டங்களில் 10 கோல் அடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2. லீக் சராசரி 1.4 என்றால், அந்த 1.4 கணக்கில் 10 கற்பனை ஆட்டங்களைச் சேருங்கள்: (10 + 14) / 15 = 1.6. ஆட்டங்கள் கூடக்கூட கற்பனை ஆட்டங்களின் பிடி தானாகத் தளரும். 10 என்பது வேதவாக்கு அல்ல. பழைய சீசன்களில் சோதித்து முடிவு செய்யலாம்.

சோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஆட்டங்களைக் குலுக்கிப் பிரித்தால், மே மாத முடிவுகளைப் படித்துவிட்டு செப்டம்பர் ஆட்டத்தை மாடல் ‘கணிக்கும்’. தேதி வாரியாகத்தான் வெட்ட வேண்டும். பிரிட்டிஷ் கோப்புகளில் நாள் முதலில் வரும் என்பதால் `dayfirst` அவசியம்:

```python
df["Date"] = pd.to_datetime(df["Date"], dayfirst=True)
train = df[df["Date"] < "2018-08-01"]
test = df[df["Date"] >= "2018-08-01"]
```

`HST` போன்ற பத்திகளையும் அப்படியே உள்ளே விடாதீர்கள். அது அதே ஆட்டத்தில் கோலை நோக்கிச் சென்ற ஷாட்களின் எண்ணிக்கை; ஆட்டம் தொடங்கும்முன் யாருக்கும் தெரியாது. முந்தைய ஆட்டங்களின் சராசரியாக மாற்றினால் சரி. திடீரென்று துல்லியம் எகிறினால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

மதிப்பிட லாக் லாஸ் பாருங்கள்; உண்மையில் நடந்த முடிவுக்கு மாடல் குறைந்த நிகழ்தகவு கொடுத்திருந்தால் இந்த எண் கூடும். எல்லா ஆட்டத்துக்கும் 45, 25, 30 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும், முடிவுகள் அதே விகிதத்தில் வந்தால் 1.07 கிடைக்கும். உங்கள் மாடல் அதற்குக் கீழே இறங்காவிட்டால் அணிகளைப் பற்றி எதுவும் கற்கவில்லை. ஒரே ஒரு சீசனில் சோதித்து நிறுத்தவும் வேண்டாம். பெரும்பாலும் காலி அரங்குகளில் நடந்த 2020-21இல் சொந்த மைதான வெற்றிகள் 144, வெளி அணி வெற்றிகள் 153. அதை மட்டும் பார்த்த மாடல் மைதான அனுகூலமே இல்லையென்று சொல்லிவிடும்.