கையால் எழுதிய மினிட்ஸை டைப் செய்யும்போது இனிஷியலில்தான் கோட்டை விடுகிறோம்

கூட்டக் குறிப்பை டைப் செய்யும் பலர் வேலைகளைச் சரியாகவே எழுதிவிடுகிறார்கள், பிழை விழுவது ஓரத்தில் இருக்கும் இரண்டு எழுத்தில், அதாவது வேலைக்குப் பொறுப்பானவரின் இனிஷியலில். தாளில் மூன்று வேலைகள் வரிசையாக இருக்கும், மூன்றையும் சேர்த்து வலப்பக்கம் ஒரு நீள அடைப்பு வளைவு, அதன் நடுவில் "ச.த." என்று இருக்கும். அட்டவணையாக அடிக்கும்போது அந்த இனிஷியல் நடு வரிசையில் மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே கீழே இருக்கும் இரண்டு வேலைக்கும் ஆளே இல்லை! மேல் வரியில் உள்ளதே என்று காட்டும் இரட்டைக் கோடும் அப்படித்தான். அதை அப்படியே அடிக்காமல், ஒவ்வொரு வரிசையிலும் இனிஷியலை முழுதாக எழுதுங்கள். யாராவது பிறகு கெடு வாரியாக வரிசை மாற்றினால் இரட்டைக் கோடு வேறு யாரையோ காட்டும்.

அடுத்தது, ஓரத்தில் இருக்கும் எல்லா இனிஷியலும் பொறுப்பாளருடையது இல்லை. அடித்துத் திருத்திய இடத்தில் "திருத்தம் சரி" என்பதற்காகத் தலைவர் சிறிதாகப் போட்டிருப்பார். அதைப் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால் வேலை அவர் தலையில் விழும். மை நிறம் வேறாக இருக்கிறதா, அடித்தலை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இனிஷியலை முழுப் பெயராக விரிக்கும் ஆசை. கையெழுத்தில் "ச.த."வும் "ச.ந."வும் ஒன்றுபோலவே தெரியலாம். வருகைப் பட்டியலோடு ஒப்பிடுவது நல்லதுதான், ஆனால் வராதவருக்கும் வேலை கொடுத்திருக்கலாம் என்பதால் அதுவே தீர்ப்பு ஆகாது. சந்தேகம் இருந்தால் "ச.[த?]" என்று அடித்துவிட்டு, குறிப்பு எழுதியவரிடம் கேளுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது நீங்கள் சேர்த்தது என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கெடு விஷயத்தில் ஒரு உதாரணம். கூட்டம் நடந்தது 2025 மார்ச் 12, புதன். தாளில் "அடுத்த வெள்ளிக்குள்" என்று இருக்கிறது. நீங்கள் டைப் செய்ய உட்காருவது 17, திங்கள். அன்றைய காலண்டரைப் பார்த்து 21 என்றோ 28 என்றோ போட்டுவிடுவீர்கள், எழுதியவர் மனதில் இருந்தது 14 ஆகவும் இருக்கலாம். கணக்கைக் கூட்ட நாளிலிருந்து தொடங்கினாலும் 14ஆ 21ஆ என்ற குழப்பம் தீராது. அதனால் மூலச் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் "[14 அல்லது 21 மார்ச்?]" என்று போடுங்கள். 3/4 என்று இருந்தாலும் இதே கதை, ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்று தெரியாது. அதே தாளில் 12க்கு மேற்பட்ட எண் உள்ள வேறு தேதியைத் தேடினால் எழுதியவர் பழக்கம் தெரிந்துவிடும். கெடுவே எழுதாத வேலைக்கு, மேல் வரிசையின் தேதியை இழுத்து விடாதீர்கள், "[கெடு இல்லை]" போதும்.

முடித்ததும் தாளில் உள்ள வேலைகளையும் அட்டவணையின் வரிசைகளையும் தனித்தனியாக எண்ணிப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒருவர் தாளைப் பார்த்து இனிஷியலையும் தேதியையும் மட்டும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கட்டும். மேலிருந்து கீழாகப் படித்தால் வாக்கியத்தின் பொருள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், ஓரத்து எழுத்தைக் கண் பார்க்காது.